ஒரு ஓட்டில் போன பிரதமர், ஐம்பது ஓட்டிலும் போகாத அதிபர்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்னவற்றையும் மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குத் தலைப்பு, பொலிட்டிக்கல் சயின்ஸ் எடுத்த எல்லோரும் ஒரு தடவையாவது எழுதியிருக்கிற கேள்வி. நாடாளுமன்ற முறைக்கும் அதிபர் முறைக்கும் பொறுப்புடைமையில் என்ன வித்தியாசம்?

நானும் எழுதியிருக்கேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல சிவில் சர்வீஸ் ஆசை வந்து, சனிக்கிழமை சனிக்கிழமை மாக் டெஸ்ட் எழுதப் போவேன். இந்தக் கேள்வி வந்துச்சு. நடுவுல ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் ஆறு பாயின்ட், அந்தப் பக்கம் ஆறு பாயின்ட்னு நிரப்பிட்டு சந்தோஷமா வெளியே வந்தேன். பதினைஞ்சுக்கு நாலு மார்க். ஓரத்துல சிவப்பு மையில ஒரே ஒரு வரி: "யார், யாருக்கு, எதுக்காகப் பதில் சொல்றாங்க?"

கோபம்தான் வந்துச்சு. ஆறும் ஆறும் பன்னிரண்டு பாயின்ட் எழுதியிருக்கேனேன்னு. ஆனா அந்த மூணு கேள்விக்கும் என் பதில்ல எங்கேயும் விடை இல்லைங்கிறது அப்புறம்தான் புரிஞ்சுது. இன்னைக்கு அந்த மூணு கேள்வியை வச்சே போகப் போறோம். அதுக்கு ரெண்டு சம்பவம் போதும். ரெண்டும் 1999-ல நடந்தது, ரெண்டுக்கும் இடையில ஏறக்குறைய ரெண்டு மாசம். அப்போ எனக்கு ரெண்டு வயசு, அதனால நேர்ல பார்த்த மாதிரி பேச மாட்டேன், பயப்படாதீங்க.

வாஷிங்டன், பிப்ரவரி 1999

முதல்ல அமெரிக்கா. அதிபர் பில் கிளின்டன். ஒரு வழக்குல சத்தியப் பிரமாணம் எடுத்துட்டுப் பொய் சொன்னார், விசாரணைக்குத் தடை போட்டார்னு அவர் மேல குற்றச்சாட்டு. 1998 டிசம்பர் 19-ந் தேதி பிரதிநிதிகள் சபை அவர் மேல ரெண்டு குற்றச்சாட்டுகளை நிறைவேத்துச்சு. இதுக்குப் பேர்தான் இம்பீச்மென்ட்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. தமிழ்ப் பேப்பர்ல இதைப் "பதவி நீக்கம்"னு போடுவாங்க. அதைப் படிச்சுட்டு நிறைய பேர் கிளின்டன் பதவி நீக்கப்பட்டார்னு எழுதிட்டு வந்துடறாங்க. தப்பு. இம்பீச்மென்ட்ங்கிறது குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ற மாதிரி. அதுக்கு அந்தச் சபையில சாதாரண மெஜாரிட்டி போதும். விசாரிச்சுத் தீர்ப்பு சொல்ற இடம் செனட். அங்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வந்து தலைமை தாங்குவார், செனட்டர்கள் ஜூரி மாதிரி உட்காருவாங்க. வந்திருக்கிற செனட்டர்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர் "குற்றவாளி"ன்னு சொன்னாத்தான் அதிபர் வெளியே போகணும். 100 பேரும் வந்திருந்தா, 67 பேர் வேணும்.

1999 பிப்ரவரி 12-ந் தேதி ஓட்டெடுப்பு. பொய்ச் சாட்சிக் குற்றச்சாட்டுக்கு 45 பேர் குற்றவாளின்னாங்க, 55 பேர் இல்லைன்னாங்க. விசாரணையைத் தடுத்த குற்றச்சாட்டுக்கு 50-க்கு 50. அதாவது செனட்ல சரி பாதிப் பேர், "இந்த ஆள் குற்றவாளி, பதவியில இருக்கக் கூடாது"ன்னு பேர் சொல்லி ஓட்டுப் போட்டாங்க. கிளின்டனுக்கு எதுவும் ஆகலை. 2001 ஜனவரி வரைக்கும் முழுப் பதவிக் காலத்தையும் முடிச்சுட்டுத்தான் போனார்.

டெல்லி, ஏப்ரல் 1999

இப்போ நம்ம ஊர். பிரதமர் வாஜ்பாய், கூட்டணி அரசு. ஏப்ரல் 14-ந் தேதி, மக்களவையில 18 எம்.பி. வச்சிருந்த அ.தி.மு.க. ஆதரவை வாபஸ் வாங்குது. குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன், பெரும்பான்மையை நிரூபிங்கன்னு பிரதமரைக் கேட்கிறார். வாஜ்பாய் நம்பிக்கைத் தீர்மானம் கொண்டு வர்றார்.

ஏப்ரல் 17 ஓட்டெடுப்பு. அரசுக்கு ஆதரவா 269. எதிரா 270. ஒரே ஒரு ஓட்டு.

அந்த 270-ல ஒருத்தர் கிரிதர் கமாங். அவர் அதே வருஷம் பிப்ரவரியில ஒடிஷா முதலமைச்சர் ஆகிட்டார், ஆனா எம்.பி. பதவியை இன்னும் ராஜினாமா பண்ணலை. அவர் ஓட்டுப் போடலாமா கூடாதான்னு சபையில பெரிய சண்டை. சபாநாயகர் பாலயோகி, அது அவரோட மனசாட்சிக்கு விட்டதுன்னுட்டார். கமாங் ஓட்டுப் போட்டார். அவர் போடாம இருந்திருந்தா 269-க்கு 269. சமமா வந்தா மட்டும்தான் சபாநாயகருக்கு ஓட்டு உண்டு, முடிவு அவர் கைக்குப் போயிருக்கும்.

சரி, வாஜ்பாய் மேல அன்னைக்கு என்ன குற்றம் நிரூபிக்கப்பட்டுச்சு? ஒண்ணும் இல்லை. குற்றப்பத்திரிகை இல்லை, சாட்சி இல்லை, விசாரணை இல்லை. மூணு நாள் முன்னாடி கூட இருந்தவங்க இப்போ கூட இல்லை, அவ்வளவுதான். அரசு விழுந்துச்சு.

கேட்கிற கேள்வியே வேற

இப்போ அந்தச் சிவப்பு மைக்கு வருவோம். யார், யாருக்கு, எதுக்காக?

நாடாளுமன்ற முறையில பிரதமரை மக்கள் நேரடியாத் தேர்ந்தெடுக்கிறதில்லை. நாம எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறோம், எம்.பி.க்களோட பெரும்பான்மைதான் பிரதமரைத் தாங்குது. ஒரே சங்கிலி. அரசியலமைப்புச் சட்டம் 75(3) இதைத்தான் சொல்லுது: அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு. கவனிங்க, மக்களவைக்கு. மாநிலங்களவை கேள்வி கேட்கலாம், மசோதாவை எதிர்க்கலாம், ஆனா அரசைக் கவிழ்க்க முடியாது. அப்புறம் அந்த மக்களவை கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "உங்க மேல எங்களுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கா?" காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அமெரிக்காவுல சங்கிலி ஒண்ணு இல்லை, தனித்தனிக் கயிறு. அதிபரை ஒரு தேர்தல்ல தேர்ந்தெடுக்கிறாங்க, அதுவும் தேர்வாளர் குழு வழியா. பிரதிநிதிகள் சபை தனித் தேர்தல், செனட் தனித் தேர்தல். அதிபரை உட்கார வச்சது காங்கிரஸ் இல்லை, அதனால "எங்களுக்கு உன் மேல நம்பிக்கை போச்சு"ன்னு சொல்லி காங்கிரஸ் அவரை எழுப்பவும் முடியாது. அது கேட்க முடிஞ்ச கேள்வி வேற: "நீ தேசத்துரோகமோ லஞ்சமோ அது மாதிரி பெரிய குற்றமோ செஞ்சியா?" கொள்கை தப்பு, நிர்வாகம் மோசம், வாக்குறுதியை மீறினார், இதெல்லாம் காரணமா எடுத்துக்கிறதில்லை. அதுக்கெல்லாம் பதில் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, வாக்காளர்கிட்ட மட்டும்.

நம்ம ஐ.டி. வேலையில பார்த்தா, ஒருத்தர் எப்போ வேணும்னாலும் "நாளையிலேர்ந்து வர வேண்டாம்"னு சொல்லக் கூடிய வேலையில இருக்கார். இன்னொருத்தர் நாலு வருஷ கான்ட்ராக்ட், நடுவுல அனுப்பணும்னா மோசடியை நிரூபிக்கணும். வேலை சுமாரா பார்த்தார்ங்கிறது போதாது. முதல் ஆள் பிரதமர், ரெண்டாவது ஆள் அதிபர்.

இதை மாத்திப் போட்டுப் பாருங்க. அமெரிக்காவுல 1994 நவம்பர் தேர்தல்லயே ரெண்டு சபையும் குடியரசுக் கட்சி கைக்குப் போயிடுச்சு. கிளின்டன் ஒரு பிரதமரா இருந்திருந்தா அந்தத் தேர்தலோட கதை முடிஞ்சிருக்கும், 1999 வரைக்கும் வந்திருக்கவே மாட்டார். வாஜ்பாய் அமெரிக்க பாணி அதிபரா இருந்திருந்தா, ஏப்ரல் 14 ஒரு சாதாரண நாள். ஒரு கட்சி ஆதரவை வாபஸ் வாங்கினா மசோதா நிறைவேத்துறது கஷ்டமாகியிருக்கும். பதவி அசைஞ்சிருக்காது.

தினசரிக் கணக்கு, தவணைக் கணக்கு

இந்த வித்தியாசத்தை அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் தெளிவாச் சொல்லிட்டார். 1948 நவம்பர் 4-ந் தேதி, வரைவு அரசியலமைப்பை முன்வைச்சுப் பேசின உரை. அவர் வாதத்தை என் வார்த்தையில சொல்றேன். ஒரு ஜனநாயக அரசுக்கு நிலைத்தன்மையும் வேணும், பொறுப்பும் வேணும். ரெண்டையும் சம அளவுல கொடுக்கிற முறையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கலை. அமெரிக்க முறை நிலைத்தன்மையை அதிகமா தருது, பிரிட்டிஷ் முறை பொறுப்பை அதிகமா தருது. அங்க அரசோட பொறுப்பைத் தேர்தல் வந்தாத்தான் மதிப்பிடுவாங்க. இங்க தேர்தல்லயும் மதிப்பிடுவாங்க, சபையில தினமும் மதிப்பிடுவாங்க. இந்தியாவுக்குத் தினசரி மதிப்பீடுதான் தேவை, அதனால வரைவு நிலைத்தன்மையை விடப் பொறுப்பைத் தேர்ந்தெடுத்திருக்குன்னார்.

தினசரின்னா எப்படி? கேள்வி நேரத்தை எடுத்துக்கோங்க. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்னு வாயால பதில் சொல்லணும். அதிகாரி எழுதிக் கொடுத்ததைப் படிச்சு முடிச்சாலும் விட மாட்டாங்க, துணைக் கேள்வி வரும். அங்கதான் மாட்டுவாங்க. 1957-ல எல்.ஐ.சி. பணத்துல முந்த்ரா என்கிற தொழிலதிபரோட கம்பெனிகளின் பங்குகளை வாங்கின விஷயம் மக்களவையில கிளம்புச்சு. கேள்வி கேட்டுக் குடைஞ்சவர் ஃபெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சி எம்.பி., பிரதமர் நேருவோட மருமகன். சாக்ளா கமிஷன் வந்துச்சு, விசாரணை பொது மக்கள் முன்னாடி நடந்துச்சு, 1958 பிப்ரவரியில நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா பண்ணினார். அமைச்சர் அந்தச் சபையில உட்கார்ந்திருக்கிறதாலதான் இது நடக்குது.

அமெரிக்க அதிபர் காங்கிரஸ்ல உறுப்பினர் இல்லை. அவரோட அமைச்சர்களும் உறுப்பினரா இருக்கக் கூடாது. அதனால கேள்வி நேரம்னு ஒண்ணே அங்க கிடையாது. அமைச்சர்களைக் கமிட்டி கூப்பிட்டு விசாரிக்கும். அதிபர் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து உரையாற்றுவார், கைதட்டுவாங்க அல்லது தட்ட மாட்டாங்க, கிளம்பிடுவார்.

இதுவரைக்கும் கேட்டா, நாடாளுமன்ற முறைதான் ஜெயிச்ச மாதிரி தெரியும். என் பழைய பதிலும் இங்கதான் நின்னுச்சு. மார்க் போனதும் இங்கதான்.

ஆயுதம் பெரிசு, கை கட்டியிருக்கு

அந்த ரெண்டு ஓட்டெடுப்பையும் இன்னொரு தடவை பாருங்க. இந்தத் தடவை யார் கட்சி மாறி ஓட்டுப் போட்டாங்கன்னு பாருங்க.

செனட்ல அப்போ குடியரசுக் கட்சிக்கு 55 பேர், ஜனநாயகக் கட்சிக்கு 45 பேர். பொய்ச் சாட்சிக் குற்றச்சாட்டுல "குற்றவாளி" 45-தான் வந்துச்சு. அப்படின்னா குடியரசுக் கட்சிக்காரங்க பத்து பேர் சொந்தக் கட்சி தொடுத்த வழக்குக்கு எதிரா ஓட்டுப் போட்டிருக்காங்க. அடுத்த குற்றச்சாட்டுல அஞ்சு பேர். அதுக்காக யாரோட பதவியும் சட்டப்படி பறிபோகலை.

டெல்லியில தேசிய மாநாட்டுக் கட்சி அரசை ஆதரிச்சுச்சு. அந்தக் கட்சியோட சைஃபுதீன் சோஸ் மட்டும் எதிர்த்து ஓட்டுப் போட்டார். கட்சி அவரை நீக்கிடுச்சு. அதுக்கும் மேல, 1985-ல 52-வது திருத்தம் வழியா வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கு, பத்தாவது அட்டவணை. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டா, கட்சி 15 நாளுக்குள்ள மன்னிக்கலைன்னா, எம்.பி. பதவியே போகலாம்.

காசு வாங்கிக் கட்சி மாறுறதைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம் வந்துச்சு. ஆனா பொறுப்புடைமைக்கு அது என்ன பண்ணுதுன்னு யோசிங்க. 75(3) சொல்லுது, அரசு மக்களவைக்குப் பதில் சொல்லணும்னு. பத்தாவது அட்டவணை சொல்லுது, அந்த மக்களவை உறுப்பினர் தன் கட்சி சொல்ற மாதிரி ஓட்டுப் போடணும்னு. ஆளுங்கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இருந்து, அந்தக் கட்சியோட தலைமையும் பிரதமர் கையில இருந்தா, யார் யாருக்குப் பதில் சொல்றாங்க? சங்கிலி வளைஞ்சு வளையமாயிடுது. அதனாலதான் நம்ம நாட்டுல நம்பிக்கை ஓட்டெடுப்பு உண்மையிலேயே கத்தியா மாறினது 1990, 1997, 1999-ன்னு, கூட்டணியோ சிறுபான்மை அரசோ இருந்த காலத்துல மட்டும்தான். வி.பி.சிங், தேவகவுடா, வாஜ்பாய். மூணு பேரும் தோத்தது தாங்களே கொண்டு வந்த நம்பிக்கைத் தீர்மானத்துல. எதிர்க்கட்சி கொண்டு வர்ற நம்பிக்கையில்லாத் தீர்மானம் மக்களவையில ஓட்டெடுப்புல ஜெயிச்சு ஒரு அரசும் விழுந்ததில்லை. 1999-ஐ "நம்பிக்கையில்லாத் தீர்மானம்"னு எழுதறது ரொம்ப சகஜமான தப்பு, பார்த்துக்கோங்க.

அமெரிக்காவுல தலைகீழ். அதிபரைத் தூக்கற ஆயுதம் கிட்டத்தட்ட எடுக்கவே முடியாத உயரத்துல இருக்கு. ஆண்ட்ரூ ஜான்சன் 1868-ல, கிளின்டன் 1999-ல, டிரம்ப் 2020-லயும் 2021-லயும், நாலு விசாரணையும் விடுதலையிலதான் முடிஞ்சுது. ஆனா உறுப்பினரோட கை கட்டப்படலை. சொந்தக் கட்சி அதிபரோட மசோதாவைத் தோற்கடிச்சாலும் அரசு கவிழாது, தேர்தல் வராது. அதனால அவர் தைரியமா எதிர்க்கலாம். நடுவுல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரதிநிதிகள் சபைக்குத் தேர்தலும் வந்துடும். இம்பீச்மென்ட் பேச்சு உச்சத்துல இருந்த 1998 நவம்பர்ல, வாக்காளர்கள் கிளின்டன் கட்சிக்கு அந்தச் சபையில அஞ்சு இடம் கூடுதலாக் கொடுத்தாங்க.

பொறுப்புக்கு ஒரு விலை

இன்னொரு விஷயம், டெல்லிக் கதையோட மிச்சம். வாஜ்பாய் விழுந்ததும் மாற்று அரசு அமைக்க முயற்சி நடந்து, எண்ணிக்கை சேரலை. ஏப்ரல் 26-ந் தேதி மக்களவை கலைக்கப்பட்டுச்சு. வாஜ்பாய் காபந்துப் பிரதமர். அடுத்த மாசமே கார்கில் போர்.

நம்பிக்கையை இழந்த ஒரு அரசு, கலைக்கப்பட்ட மக்களவை, எல்லையில போர். அந்தச் சில மாசம் கேள்வி நேரம் இல்லை, நம்பிக்கை ஓட்டு இல்லை. ஒரே ஒரு ஓட்டால அரசைக் கீழே இறக்கின அதே முறை, அடுத்த அரசு வர்ற வரைக்கும் அந்த அரசைக் கேள்வி கேட்க மக்களவையே இல்லாம விட்டுடுச்சு. அக்டோபர்ல மக்கள் திரும்ப வாஜ்பாயையே கொண்டு வந்தாங்க. அம்பேத்கர் சொன்ன நிலைத்தன்மை விலைங்கிறது இதுதான். வெறும் செலவோ தேர்தல் அலைச்சலோ இல்லை, சில சமயம் பொறுப்புலயே ஒரு ஓட்டை விழுது.

பதில் எழுதும்போது

பதினைஞ்சு மார்க் கேள்வின்னா நான் இப்போ கோடு போட மாட்டேன். முதல் பத்தியில யார், யாருக்கு, எதுக்காகன்னு சொல்லிட்டு, 75(3)-ஐயும் அமெரிக்க இம்பீச்மென்டையும் பக்கத்துல பக்கத்துல வைப்பேன்: ஒண்ணு நம்பிக்கையைக் கேட்குது, இன்னொண்ணு குற்றத்தைக் கேட்குது. ரெண்டாவது பத்தியில அம்பேத்கரோட தினசரி, தவணை வாதம், கூடவே முந்த்ரா. மூணாவது பத்தியில 269-270-ஐயும் 50-50-ஐயும் வச்சுட்டு, உடனே பத்தாவது அட்டவணைக்கு வருவேன். கடைசி ரெண்டு வரியில என் முடிவு: நாடாளுமன்ற முறை காகிதத்துல அதிகப் பொறுப்பைத் தருது, ஆனா அது வேலை செய்யறது எம்.பி. தன் ஓட்டைத் தானே போட முடியுதாங்கிறதைப் பொறுத்துத்தான்.

இந்த முடிவோட நீங்க ஒத்துப் போகணும்னு இல்லை. "இல்லை, கொறடா இல்லைன்னா தினம் ஒரு அரசு கவிழும்"னு நீங்க வாதாடலாம், அதுக்கும் மார்க் உண்டு. வாதம் இருக்கணும், அவ்வளவுதான்.

அடுத்த எபிசோடுல ரெண்டையும் கலந்து வச்சிருக்கிற பிரான்ஸ். அங்க அதிபரும் இருக்கார், பிரதமரும் இருக்கார், அவங்க யாருக்குப் பதில் சொல்றாங்கங்கிறது தனிக் கதை. அதுவரைக்கும் அந்த மூணு கேள்வியை பிரான்சுக்கு நீங்களே போட்டுப் பார்த்து வைங்க.